மலயக் காற்றும் தென்றலும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். பொதுவாகப் பேசினால் மொழிபெயர்ப்பு ஓர் அரிய கலை என்று சொல்லி அமர்ந்துவிட நேரும். அதற்கு இவ்வளவு தொலைவிலிருந்து நீங்கள் வந்திருக்க வேண்டியதில்லை. ஆகவே ஒரே ஒரு பாடலை எடுத்துக்கொள்கிறேன். அதிலும் முதற் செய்யுளில் வரும் ஒரு சொல்லையும், பிற்பகுதியில் வரும் ஓர் எண்ணையும் மட்டுமே பேசப் போகிறேன். அந்தச் சொல் நம் பொருநையாற்றின் பிறப்பிடத்தைச் சுட்டுவது என்பதால், இந்த ஊரில் இந்த அவையில் அதைப் பேசுவதற்குத் தனிப் பொருத்தம் உண்டு.

பாடல், பங்கிம் சந்திர சட்டர்ஜி இயற்றிய ‘வந்தே மாதரம்’. மொழிபெயர்த்தவர், எட்டயபுரம் சுப்பிரமணிய பாரதி. அவருடைய முதல் மொழிபெயர்ப்பு 1905 நவம்பரில் ‘சக்கரவர்த்தினி’ இதழில் வெளிவந்தது. 1882 டிசம்பர் 11இல் பிறந்தவருக்கு அப்போது இருபத்து மூன்று வயதுகூட நிறையவில்லை. மகாகவி என்ற பட்டத்தையும் கம்பீரமான தலைப்பாகைப் படத்தையும் சற்று நேரம் மறந்துவிடுங்கள். நாம் காணப் போவது ஓர் இளம் மொழிபெயர்ப்பாளரை.

மொழிபெயர்ப்பாளர் என்று சொல்வது உபசாரமன்று. 1904ஆம் ஆண்டின் இறுதியில் சென்னையில் ஜி. சுப்பிரமணிய ஐயரின் ‘சுதேசமித்திரன்’ நாளிதழில் உதவியாசிரியராகச் சேர்ந்த அவருக்கு அன்றாட வேலையே மொழிபெயர்ப்புத்தான். ஆங்கிலத்தில் வரும் செய்திகளையும் தலைவர்களின் சொற்பொழிவுகளையும் தமிழாக்கித் தர வேண்டும். பகலெல்லாம் பிறர் வாக்கியங்களைத் தமிழாக்கும் தொழில். அந்தத் தொழிலின் விதி மிக எளியது: வாசகனுக்குப் பொருள் விளங்க வேண்டும், மறுநாள் காலை தாள் வெளிவர வேண்டும். பாட்டை மொழிபெயர்க்க இந்த விதி போதாது. 1905 அக்டோபர் 16ஆம் நாள் வங்காளம் இரு கூறாக்கப்பட்டது. அந்தக் கிளர்ச்சியில் வங்கத்தின் தெருக்களில் முழங்கிய பாட்டு, செய்தியாகவும் வந்தது, பாட்டாகவும் வந்தது. செய்தியைத் தமிழாக்கியவருக்குப் பாட்டையும் தமிழாக்க வேண்டும் என்ற ஆவல் பிறந்ததில் வியப்பில்லை.

பாடலின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ‘ஆனந்த மடம்’ என்னும் நாவலில் இடம்பெறும் பாட்டு இது. நாவல் 1882இல் நூலாக வந்தது. பாட்டின் தொடக்கப் பகுதி முழுவதும் வடமொழி. பின்னர் வங்கமொழி கலந்து வரும். காசியில் சில ஆண்டுகள் வாழ்ந்து வடமொழியும் இந்தியும் பயின்றவருக்குத் தொடக்கப் பகுதியின் சொற்பொருளில் ஐயம் இருந்திருக்க முடியாது. அங்கே தாய்நாட்டுக்கு நான்கு அடைமொழிகள் வரிசையாக வருகின்றன. நல்ல நீர் உடையவள். நல்ல கனிகள் உடையவள். மூன்றாவது அடைமொழியைப் பிறகு சொல்கிறேன். நான்காவது, பயிர்களால் கருமை படர்ந்தவள். ஒவ்வொன்றும் ஒரே தொகைச் சொல். வினைச்சொல் கிடையாது. வடமொழியில் தொகைச் சொல்லை அடுக்கிக்கொண்டே போகலாம். வாசகன் அதை ஓசையாகவே ஏற்றுக்கொள்வான். தமிழிலே அடுக்க வேண்டுமானால் ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு வேண்டும். உடையவளே என்றோ, உடையை என்றோ, வாழ்க என்றோ ஏதேனும் ஓர் இடத்தில் சொற்றொடர் கால் ஊன்றியாக வேண்டும்.

மூன்றாவது அடைமொழிதான் இன்றைய கதை. ‘மலயஜம்’ என்ற சொல்லோடு குளிர்ச்சியைச் சேர்த்துச் சொன்னது அது. மலயஜம் என்றால் மலயத்தில் பிறந்தது. மலயத்தில் பிறப்பவை இரண்டு என்பது வடமொழிக் கவிமரபு. ஒன்று சந்தனம், மற்றொன்று காற்று. சந்தனம் பூசினாற்போலக் குளிர்ந்தவள் என்றும் கொள்ளலாம். மலயக் காற்றால் குளிர்ந்தவள் என்றும் கொள்ளலாம். மூலத்தில் இரண்டும் சேர்ந்தே ஒலிக்கின்றன. மலயம் எந்த மலை? மேற்குத் தொடர்ச்சியின் தென்கோடி. தமிழ் அகராதிகள் அந்தச் சொல்லுக்குப் பொதியமலை என்றே பொருள் தருகின்றன. காளிதாசன் ரகுவம்சத்தில் ரகுவின் தென்திசைப் பயணத்தைச் சொல்லுமிடத்தில் மலயத்தையும், முத்துக் கொழிக்கும் தாமிரபரணியின் சங்கமத்தையும் அடுத்தடுத்துப் பாடுகிறான்.

ஆக, கங்கைச் சமவெளியிலிருந்து பாடிய வங்கக் கவிஞர், தம் தாய்நாட்டைக் குளிர்விக்கும் காற்று எங்கிருந்து வருகிறது என்று சொல்லும்போது, மரபு கற்பித்தபடி நம் பொதிகையின் பெயரைச் சொல்லிவிட்டார். அவருக்கு அது கவிமரபு. மொழிபெயர்க்க அமர்ந்தவருக்கோ அது மணம் முடித்த ஊரின் மலை. 1897இல் அவர் கடயத்துச் செல்லம்மாளை மணந்தார். கடயம் அந்த மலைத்தொடரின் அடிவாரத்து ஊர். அதற்கு முன்பு, 1894 முதல் 1897 வரை, இதே திருநெல்வேலியில் இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்தவர். தொலைவிலிருந்து வந்த ஒரு பாட்டுக்குள் சொந்த ஊர்க் காற்று வீசுவதைக் கண்டால் மொழிபெயர்ப்பாளன் என்ன செய்வான்?

இவ்விடத்தில் ஓர் அனுமதி கேட்கிறேன். பாரதியார் அந்தச் செய்யுளை எந்த இரவில், எந்த விளக்கடியில் எழுதினார் என்பதற்குக் குறிப்பு கிடையாது. இனி நான் சொல்லப் போவது கதை. ஆனால் கதையில் வரும் ஒவ்வொரு கேள்வியும், அவர் பிற்பாடு அச்சில் விட்டுச்சென்ற இரண்டு மொழிபெயர்ப்புகளிலிருந்து நான் எடுத்தது.

பத்திரிகை வேலை முடிந்து வீடு திரும்பிய இரவு. ஊர் அடங்கிவிட்டது. இளைஞர் விளக்கைத் தூண்டிவிட்டுப் பாட்டை ஒருமுறை வாய்விட்டுப் பாடுகிறார். நீரும் கனியும் எளிதாகவே தமிழில் வந்து அமர்கின்றன. அடிமுதலில் ‘இனிய’ என்ற சொல் விழுந்துவிட்டது. இனிய நீர்; பொருளும் சரி, ஓசையும் சரி. அகவல் ஓட்டத்தில் நாற்சீரடியாகப் பாட்டு போகத் தொடங்குகிறது. அடுத்த அடியில் எழுதுகோல் நிற்கிறது.

முதலில் சந்தனம் என்று எழுதிப் பார்க்கிறார். அகராதி இதை ஒப்புக்கொள்ளும். ஆனால் சந்தனம் பூசிய குளிர்ச்சி ஒரு மேனியின் குளிர்ச்சி. நீரும் கனியும் வயலும் பரந்து கிடக்கும் ஒரு நாட்டின் நடுவே திடீரென்று பூசுபொருள் வந்தால், மண்ணாக விரிந்துகொண்டிருந்த தாய் ஒரு சிலையாகச் சுருங்கிவிடுகிறாள். அவள் தெய்வமாவதற்குப் பாட்டின் பிற்பகுதியில் இடம் இருக்கிறது. இப்போதே ஆக்கிவிட்டால் பின்னால் வளர்வதற்கு எதுவும் மிஞ்சாது. அடித்துவிடுகிறார்.

வடசொல்லை அப்படியே விட்டுவிட்டால் என்ன? அந்நாளைய மணிப்பிரவாள நடையில் அது குற்றமாகாது. வடமொழி அறிந்த வாசகன் மகிழ்வான். ஆனால் அறியாதவனுக்கு அது வெறும் ஓசை. பகலில் அவர் செய்யும் தொழிலின் விதி இங்கே குறுக்கிடுகிறது: வாசகனுக்குப் பொருள் விளங்க வேண்டும். அதையும் அடித்துவிடுகிறார்.

பிறகு, எழுதத் துடித்துக்கொண்டிருந்த சொல்லை எழுதுகிறார்: பொதிகை. எழுதியதைப் படிக்கிறார். நாவில் இனிக்கிறது. கடயத்தில் ஆனி ஆடி மாதங்களில் மலையிலிருந்து சாரலோடு இறங்கும் காற்று அறைக்குள் வந்துவிட்டாற்போல் இருக்கிறது. அந்த இனிமையே அவரை ஐயுறச் செய்கிறது. இந்தப் பாட்டின் தாய் யார்? மூலத்தில் அவள் பெரிதும் வங்கத்தாய். அவளைப் பாரதத்தாயாகத் தமிழில் நிறுத்த வேண்டும் என்பதே இவர் நோக்கம். வங்கத்தின் எல்லையிலிருந்து அவளை விடுவித்துக் கொண்டுவந்து, பொதிகை என்ற ஒரு சொல்லால் பாண்டிநாட்டு எல்லைக்குள் வைத்துவிட்டால், ஒரு மாகாணத்தின் தாயை இன்னொரு மாகாணத்தின் தாயாக மாற்றியதாகத்தானே ஆகும்? படிக்கும் தமிழன் தன் மலையைக் கண்ட மகிழ்ச்சியில் வங்காளியை மறந்துவிடுவான். பொதிகையையும் அடித்துவிடுகிறார். அந்த இரவில் அடித்தவற்றுள் இதுவே கையை வலிக்கச் செய்த அடி என்று நான் எண்ணுகிறேன்.

மிஞ்சியது மலயம். வடக்கே உள்ளவனுக்கும் தெரிந்த பெயர். தெற்கே உள்ளவனுக்கும் தன் மலை என்று தெரியும் பெயர். அதனோடு காற்றைச் சேர்க்கிறார். காற்று என்றே சொல்லிவிடுவதால் மூலத்தின் இரட்டைப் பொருள் போய்விடுகிறது, சந்தனம் விடைபெறுகிறது. அதோடு இன்னொரு தொல்லையும் இருக்கிறது. முன் அடி ‘இனி’ என்று தொடங்கிவிட்டதால் இந்த அடிக்கு னகர இகரம் இரண்டாம் எழுத்தாக வரும் எதுகை வேண்டும். ‘தனி’ என்ற சொல் வந்து நிற்கிறது. எதுகைக்காக வந்த சொல் பெரும்பாலும் கூலியாள். கூப்பிட்ட வேலையைச் செய்துவிட்டுச் சும்மா நிற்கும். அதைச் சும்மா நிற்க விடாமல், அதனோடு ‘நறு’ என்ற உரிச்சொல்லை ஒட்டுகிறார். தனி நறுமை. காற்றுக்கு மணம் ஏது? சந்தனக் காட்டின் வழியே வந்ததால் வந்த மணம். வாசல் வழியே வெளியே போன சந்தனம் சாளரத்தின் வழியே உள்ளே வந்துவிட்டது. இளைஞர் எழுதுகோலைக் கீழே வைக்கிறார். கதையும் இங்கே முடிகிறது.

இனி அச்சில் உள்ளதைப் பேசுவோம். 1905இல் வந்த மொழிபெயர்ப்பில் அந்தக் காற்று மலயக் காற்றாகவே இருக்கிறது. அதற்கு நறுமையும் இருக்கிறது. சந்தனத்தை விட்டுக் காற்றைக் கொண்டவர் இவர் ஒருவரல்லர். 1909இல் ஸ்ரீ அரவிந்தர் ஆங்கிலத்தில் ஆக்கியபோதும் காற்றையே கொண்டார். ஆனால் நறுமையைத் தனியே காப்பாற்றிய தந்திரம் நம் கவிஞருடையது.

சில காலம் கழித்துப் பாரதியார் அதே பாட்டை மறுபடியும் மொழிபெயர்த்தார். பழையதைத் திருத்தவில்லை, முதல் எழுத்திலிருந்து புதிதாக ஆக்கினார். அவருடைய கவிதைத் தொகுப்புகளில் இரண்டும் அடுத்தடுத்து இருப்பதைக் காணலாம். இந்த இரண்டாம் மொழிபெயர்ப்பில் மலயம் இல்லை. அங்கே நிற்பது தென்றல். பூவின் மணமும் குளிர்ச்சியும் உடைய தென்றல்.

இது சிறிய மாற்றம் போலத் தோன்றும். நம் ஊரில் நின்று பார்த்தால்தான் இதன் அளவு தெரியும். தமிழில் காற்றுக்குத் திசைக்கொரு பெயர். கிழக்கே இருந்து வருவது கொண்டல், மேற்கே இருந்து வருவது கோடை, வடக்கே இருந்து வருவது வாடை, தெற்கே இருந்து வருவது தென்றல். திருநெல்வேலியில் நிற்பவருக்குப் பொதிகை எந்தத் திசை? ஏறத்தாழ நேர் மேற்கு. மலையிலிருந்து நமக்கு வரும் காற்றை இங்கே உழவர்கள் மேல்காற்று என்பார்களே தவிர, தென்றல் என்று சொல்ல மாட்டார்கள். எட்டயபுரத்தில் நின்றால் பொதிகை தென்மேற்கு. மதுரைக்குப் போனால் இன்னும் தெற்காகத் திரும்பிவிடுகிறது. பொதியிலிலிருந்து வருவது தென்றல் என்ற வழக்கு மதுரையிலும் அதற்கு வடக்கிலும் நின்று பார்த்தவர்களின் வழக்கு. சிலப்பதிகாரம் பொதியில் தென்றலைப் பேசுவதும் மதுரையில் நின்றுதான்.

ஆகவே மலையடியில் பெண் கொண்ட ஒருவர் அந்தக் காற்றுக்குத் தென்றல் என்று பெயரிடும்போது, தம் ஊரை விட்டு வடக்கே நடந்துபோய், திரும்பி நின்று பார்க்கிறார். இமயம் வரை நீண்டு கிடக்கும் ஒரு நாட்டின் எந்த இடத்தில் நின்றாலும் அந்தக் காற்று தென்றல்தான். பொதிகை என்று சொன்னால் பாட்டு நம் எல்லைக்குள் சுருங்கும் என்ற ஐயத்துக்கும், மலயம் என்று சொன்னால் வடசொல்லாகவே நிற்கும் என்ற குறைக்கும் ஒரே விடை இது. தென்றல் என்ற சொல்லில் மலையின் பெயர் இல்லை. ஆயினும் தமிழ்ச் செவி அதைக் கேட்டவுடன் மலையைத் தானே கொண்டுவந்து வைத்துக்கொள்ளும். பெயரைச் சொல்லாமல் பெயரைக் கேட்கச் செய்துவிட்டார்.

இதிலிருந்து நான் பெறும் பாடம் ஒன்று. மூலத்தில் உள்ள சொல் எதைச் சுட்டுகிறது என்று கேட்பது முதற்படி. முதல் மொழிபெயர்ப்பு அந்தக் கேள்விக்கு விடை சொல்லிவிட்டது. மூலத்தைக் கேட்பவர் செவியில் அந்தச் சொல் எப்படி விழுகிறது என்பது இரண்டாம் படி. வடமொழி மரபில் வளர்ந்தவர் செவியில் அது பழகிய, நயமான, விளக்கம் வேண்டாத ஒரு சொல்லாக விழுகிறது. தமிழில் அவ்வாறு விழுவது மலயம் அன்று, தென்றல். இரண்டாம் மொழிபெயர்ப்பு இதற்கு விடை சொல்கிறது.

இனி அந்த எண். பாட்டின் பிற்பகுதியில் தாயின் வலிமையைச் சொல்லுமிடத்தில் மூலம் ஏழு கோடிக் குரல்கள் முழங்குவதாகவும், அதன் இருமடங்கு கரங்கள் கூர்வாள் ஏந்துவதாகவும் சொல்கிறது. ஏழு கோடி என்பது பங்கிம் காலத்து வங்க மாகாணத்தின் மக்கள்தொகை. பீகாரும் ஒரிசாவும் சேர்ந்திருந்த அந்த மாகாணம் 1872ஆம் ஆண்டுக் கணக்கில் ஏழு கோடியை நெருங்கியிருந்தது. கவிஞர் கற்பனையாகச் சொன்ன எண்ணன்று, கணக்கெடுத்த எண்.

மொழிபெயர்ப்பில் எண்ணைப் போல எளியது வேறில்லை என்று நாம் நினைப்போம். ஏழு என்றால் ஏழு. ஆனால் ஏழு கோடி என்று தமிழில் எழுதினால் அதில் தமிழன் இல்லை. அவன் பிறருடைய தாயைப் பிறருடைய குரலில் வாழ்த்தியவன் ஆகிறான். 1905 மொழிபெயர்ப்பில் பாரதியார் எண்ணை முப்பது கோடியாக்கினார். தோள்களை அறுபது கோடியாக்கினார். 1901ஆம் ஆண்டுக் கணக்கில் இந்தியாவின் தொகை இருபத்தொன்பது கோடிக்கு மேல். பங்கிம் எப்படிக் கணக்கைப் பார்த்து எழுதினாரோ, அப்படியே இவரும் எழுதியிருக்கிறார். எண்ணை மாற்றினார், எண்ணும் முறையை மாற்றவில்லை. அதே 1905 டிசம்பரில் காசியில் கூடிய காங்கிரஸில் சரளாதேவி மூலப் பாட்டையே பாடியபோது அவரும் முப்பது கோடி என்று மாற்றிப் பாடினார். காலம் அந்த எண்ணைக் கேட்டது.

ஆனால் அந்த முதல் மொழிபெயர்ப்பில் ஒன்று காணாமற் போயிருக்கிறது. மூலத்தின் கரங்களில் இருந்த வாள் இல்லை. அறுபது கோடித் தோள்கள் உயர்கின்றன. தாய்க்குப் பணி ஆற்றுகின்றன. ஏந்திய ஆயுதம் எதுவும் சொல்லப்படவில்லை. இரண்டாம் மொழிபெயர்ப்பில் தோள்கள் படை தாங்கி நிற்கின்றன. வாள் ஏன் முதலில் போயிற்று, பின்பு ஏன் திரும்பிற்று என்பதற்கு அவர் காரணம் எழுதி வைக்கவில்லை. நானும் கற்பிக்க மாட்டேன். இடைப்பட்ட காலம் எத்தகையது என்பதை மட்டும் இந்த ஊர் அறியும். வ.உ.சிதம்பரம் பிள்ளை சிறைவைக்கப்பட்டதை எதிர்த்து 1908 மார்ச் 13ஆம் நாள் திருநெல்வேலி எழுந்தபோது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அன்று தெருவில் ஒலித்த முழக்கம் இந்தப் பாட்டின் முதல் இரண்டு சொற்கள். அந்த இரண்டு சொற்களுக்கு மட்டும் மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. மக்கள் அவற்றை அப்படியே தமிழாக்கிக்கொண்டு விட்டார்கள்.

எண்ணுக்குத் திரும்புகிறேன். இரண்டாம் மொழிபெயர்ப்பில் முப்பதும் இல்லை, அறுபதும் இல்லை. கோடி கோடி என்ற அடுக்கு மட்டும் இருக்கிறது. அதாவது கணக்கு, எண்ணிக்கையற்ற பெருக்கமாகிவிட்டது. இன்று நாம் நூற்று நாற்பது கோடியைக் கடந்துவிட்டோம். முப்பது கோடி என்று பாடினால், அது எந்த ஆண்டின் பாட்டு என்பது உடனே தெரிந்துவிடுகிறது. கோடி கோடி என்பது எந்த ஆண்டிலும் பழையதாகாது. தென்றலில் மலையின் பெயர் உதிர்ந்தது போல இங்கே ஆண்டின் முத்திரை உதிர்ந்துவிட்டது. ஆனால் எண்ணைத் துல்லியமாகச் சொன்னபோது இருந்த ஓர் அறைகூவல், ஒவ்வொருவனையும் எண்ணி அழைத்தாற்போன்ற உணர்ச்சி, அதுவும் உடன் உதிர்ந்தது. வகுப்பில் இரண்டையும் படித்துக் காட்டினால் மாணவியர் பெரும்பாலும் முப்பது கோடியையே விரும்புவார்கள். அந்த எண்ணுக்குள் தாமும் ஒருவர் என்ற நினைவு அவர்களுக்கு வருகிறது. அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

இரண்டாம் மொழிபெயர்ப்பு எல்லா இடத்திலும் முதலாவதைவிடச் சிறந்தது என்று நான் சொல்லவில்லை. நான்காவது அடைமொழியைப் பாருங்கள். பயிர்களால் கருமை படர்ந்தவள் என்பது மூலம். முதல் மொழிபெயர்ப்பில் ‘பழனம்’ இருக்கிறது, வயல் இருக்கிறது. இரண்டாவதில் அந்த இடத்தில் ‘பொழில்’ வந்துவிட்டது. வயல் சோலையாகிவிட்டது. யாப்பு அவரைக் கட்டாயப்படுத்தியதா என்று சோதித்துப் பார்த்தேன். ‘கொழும்பொழில்’ என்பது நிரைநிரை, கருவிளச் சீர். ‘கொழும்பயிர்’ என்றாலும் அதே நிரைநிரை, அதே கருவிளம். முதற் சீரோடு மோனை கொள்வது ‘கொ’ என்னும் எழுத்து; அது இரண்டிலும் இருக்கிறது. ஆக, யாப்பு கேட்கவில்லை; கவிஞரே தேர்ந்தெடுத்தார். தென்றல் என்ற சொல் வந்ததும் அதனோடு பழகிய பொழிலும் உடன் வந்துவிட்டது போலும். மரபுச்சொல் ஒன்றை அழைத்தால் அது தன் சுற்றத்தையும் அழைத்து வரும். கவிதை எழுதுவோர் கவனிக்க வேண்டிய இடம் இது. தென்றலைப் பெற்ற செய்யுள், வயலை இழந்தது.

அந்த இழப்பு பொருநைக் கரையில் வாழும் நமக்கு நன்றாகத் தெரிய வேண்டும். மூலத்தில் உள்ள நிறச்சொல் பச்சையையும் கருமையையும் ஒருங்கே குறிப்பது. கண்ணனுக்கும் காளிக்கும் உரிய நிறம் அது. கார் சாகுபடியிலும் பிசானத்திலும் நட்ட நாற்று முதலில் வெளிறி நிற்கும். வேர் பிடித்துத் தூர் கட்டிய பிறகு பயிர் ‘கறுத்து வந்திருக்கிறது’ என்று உழவர் மகிழ்வோடு சொல்வார்கள். கறுத்தல் என்பது அங்கே செழிப்பின் பெயர். முதல் மொழிபெயர்ப்பில் வயல் உண்டு, ஆனால் அதன் நிறம் வெறும் பசுமை. இரண்டாவதில் பசுமையும் செழுமையும் உண்டு, வயல் இல்லை. உழவர் வாயில் இருக்கும் அந்தக் கருமை இரண்டிலுமே வரவில்லை.

பாரதியார் முதல் மொழிபெயர்ப்பைக் கிழித்துப் போடாமல் இரண்டையும் விட்டுச் சென்றதால்தான் இவ்வளவும் நமக்குத் தெரிகிறது. ஒன்று மட்டும் இருந்திருந்தால், அவர் எங்கே தயங்கினார் என்பதே தெரிந்திராது. ஆகவே வட்டத்துக் கவிஞர்களிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். நம் அடுத்த அமர்வுக்கு ஒவ்வொருவரும் அந்த நான்கு அடைமொழிகளையும் நான்கு அடிகளில் தமிழாக்கிக் கொண்டு வாருங்கள். தென்றல் இருக்க வேண்டும். வயலும் இருக்க வேண்டும். பயிர் கறுத்திருக்க வேண்டும். அடித்த சொற்களை அழித்துவிடாமல் அவற்றையும் அதே தாளில் கொண்டு வாருங்கள். நாம் பேச வேண்டியவை பெரும்பாலும் அவற்றில்தான் இருக்கும்.